நாலு மணி வகுப்பு எத்தனை மணிக்கு?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமைதோறும் மாலை 4 மணிக்கு அங்குள்ள பொது ஹாலில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய வகுப்பு. 2025 நவம்பரில் நான்கு வாரத்துக்கு அந்த ஹாலை 5 மணி வரை வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு 5 மணிக்குத்தான் தொடங்க முடியும். சங்கச் செயலாளர் இரண்டே வரியில் அறிவிப்பு எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறார்.

```
வகுப்பு நேரம் 4-லிருந்து 5-க்கு மாற்றப்பட்டுள்ளது.
Class time is changed from 4 to 5.
```

இரண்டு வரியிலும் இலக்கணப் பிழை இல்லை. தமிழும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கு ஹால் வாசலில் பாதிப் பிள்ளைகள் சலங்கையோடு வந்து நின்றால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பாட்னாவிலிருந்து வேலைக்காக இங்கே வந்திருக்கும் ஒரு தாய்க்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர் படித்தது ஆங்கில வரியை மட்டும். அந்த ‘ஃப்ரம் 4 டு 5’ அவருக்கு ‘நாலிலிருந்து அஞ்சு வரை வகுப்பு’ என்றுதான் பட்டது. எப்போதும் அந்த நேரம்தானே, இதற்கு எதற்கு ஓர் அறிவிப்பு என்று ஒரு கணம் யோசித்திருப்பார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரு நேரத்தைவிட்டு இன்னொரு நேரத்துக்குப் போவதற்கும், ஒரு நேரம் தொடங்கி இன்னொரு நேரத்தில் முடிவதற்கும் இதே இரண்டு சொற்கள்தான்.

தமிழில் அந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றும். கால அளவென்றால் ‘4 முதல் 5 வரை’ என்போம். இடமாற்றமென்றால் ‘4-லிருந்து 5-க்கு’ என்போம். உருபு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் லிஃப்ட் வருவதற்குள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற தாத்தாவின் கண்ணுக்கு உருபு தெரிவதில்லை, எண்தான் தெரிகிறது. அதிலும் முதல் எண்.

“ஐயா, கிளாஸ் அஞ்சு மணிக்குத்தானாம்” என்கிறார் வாட்ச்மேன்.

“நாலுன்னு போட்டிருக்கேப்பா!”

“அது பழைய டைமுங்க.”

பழைய டைமை அறிவிப்பின் தலைமாட்டில் வைத்தது யார் குற்றம்? தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மாறியது என்ற செய்தியும் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் படிப்பவர் பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். ஆகவே புது நேரம் தனியாக, முதலில் வர வேண்டும். பழைய நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘4 மணிக்கு வகுப்பு இல்லை’ என்று மறுத்துச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் இரண்டு எண்ணையும் யாரும் ஒரு கால அளவாகக் கோத்துவிட முடியாது.

சிலர் எண்ணையே விட்டுவிட்டு, ‘வகுப்பு ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டுள்ளது’ என்று எழுதுவார்கள். இது இன்னும் மோசம். ‘முன்’ என்பது தமிழில் இரண்டு பக்கமும் பார்க்கிற சொல். ‘மூன்று நாள் முன்’ என்றால் கடந்துபோனது. ‘முன்னேறு’ என்றால் எதிரே இருப்பதை நோக்கிப் போவது. முன்னே தள்ளிய வகுப்புக்கு 3 மணிக்கு வருவதா, 5 மணிக்கு வருவதா? ஆங்கிலத்தின் ‘ஃபார்வர்டு’ என்ற சொல்லும் இப்படித்தான். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘ஃபார்வர்டு’ ஆகிவிட்டது, இப்போது எந்தக் கிழமை என்று கேட்டால், ஆங்கிலமே தாய்மொழியானவர்களிலும் சிலர் திங்கள் என்கிறார்கள், சிலர் வெள்ளி என்கிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் லெரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இருந்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். யாரையாவது அழைத்துப்போக வந்து காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் அதிகமாக வெள்ளி என்றார்கள். படிப்பவர் நகர்ந்துகொண்டிருக்கிறாரா, நின்றுகொண்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிற சொல்லை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டக் கூடாது.

‘ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று போட்டால்? செய்தித்தாள் படித்துப் பழகியவருக்கு அது சட்டசபைச் சொல். அன்றைக்கு வகுப்பே கிடையாது என்று நினைப்பார். ‘பிரிபோன்’ நம் ஊர் அலுவலகங்களில் சரளமாகப் புழங்குகிறது. வெளிநாட்டுக்காரர் பலருக்கு அந்தச் சொல்லே புதிது. இந்த வினைகள் எதுவும் இல்லாமலே அறிவிப்பு எழுத முடியும். என்ன கிழமை, என்ன தேதி, எத்தனை மணி. அவ்வளவு போதும்.

ஆனால் அந்தத் தேதியிலும் ஒரு வம்பு இருக்கிறது. ‘அடுத்த சனி’ என்று செவ்வாய்க்கிழமை எழுதினால் சிலருக்கு அது நாலு நாளில் வரும் சனி, சிலருக்கு அதற்கும் அடுத்தது. வாட்ஸ்அப்பில் அது இன்னும் வழுக்கும், ஏனென்றால் அந்த வரியை யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஃபார்வர்டு செய்வார். சரி, 8/11 என்று எண்ணாகவே போட்டுவிடலாமா? நமக்கு அது நவம்பர் எட்டு. வட அமெரிக்கப் பழக்கத்தில் அது ஆகஸ்ட் பதினொன்று.

வட அமெரிக்கா இங்கே எங்கிருந்து வந்தது? இந்த வகுப்பில் இரண்டு பிள்ளைகள் டொரோண்டோவிலிருந்து வீடியோவில் சேர்கிறார்கள். முன்பு இதே குடியிருப்பில் இருந்தவர்கள். வேலை மாறி அங்கே போனாலும் டீச்சரை விட மனமில்லை. இப்படி ஒரு குடும்பமாவது இல்லாத வகுப்பு இன்று அரிது. அவர்கள் வந்துவிட்டால் கணக்கே வேறு.

டொரோண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். 2025-இல் அது நவம்பர் 2. அதற்கு முந்தைய நாள், நவம்பர் 1 சனிக்கிழமை, சென்னையில் வகுப்பு பழையபடி மாலை 4 மணிக்கு. அப்போது இரண்டு ஊருக்கும் இடைவெளி ஒன்பதரை மணி நேரம். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி காலை 6.30-க்குக் கேமரா முன் நிற்கிறார்கள். நவம்பர் 8 முதல் சென்னையில் வகுப்பு மாலை 5 மணிக்கு. அதற்குள் இடைவெளி பத்தரை மணி நேரமாகிவிட்டது. டொரோண்டோவில் மணி? அதே காலை 6.30.

அந்த வீட்டுக்கு எதுவுமே மாறவில்லை! ஆனால் ‘வகுப்பு ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது’ என்று படித்த அப்பா, பிள்ளைகளை 7.30-க்கு எழுப்பி உட்கார வைப்பார். வகுப்பு அப்போது முடிந்திருக்கும். அவர் கணக்கில் தப்பில்லை. அறிவிப்பு வித்தியாசத்தைச் சொன்னதே தவிர, மணியைச் சொல்லவில்லை. அதனால்தான் ஊர்ப் பெயரோடு அந்தந்த ஊர் மணியை எழுத வேண்டும் என்பது. ‘இந்திய நேரம் 5 மணி’ என்று விட்டுவிட்டு மற்றதை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பது, கடிகாரம் திருப்புகிற வாரத்தில் குறிப்பாக, கொஞ்சம் கொடுமை.

புது நேரம் எதுவரை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கேதான் மொழிபெயர்ப்பு காலை வாருகிறது. ‘டிசம்பர் 6 வரை’ என்றால் தமிழ்க் காதுக்கு ஆறாம் தேதியும் சேர்ந்ததுதான். அதையே ஆங்கிலத்தில் ‘அன்டில்’ போட்டு எழுதினால், ஆறாம் தேதிக்கு முன்பே முடிந்துவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். சொல்லுக்குச் சொல் சரியாக மாற்றியும் இரண்டு பாதியும் இரண்டு தேதியைச் சொல்கின்றன. நாலே நாலு வகுப்புதானே, தேதிகளை வரிசையாக எழுதிவிட்டால் ‘வரை’யும் வேண்டாம், ‘அன்டில்’லும் வேண்டாம்.

எல்லாம் சேர்த்தால் அறிவிப்பு இப்படி வரும்.

```
சனிக்கிழமை, நவம்பர் 8, 15, 22, 29 (2025)
பரதநாட்டிய வகுப்பு: மாலை 5.00 - 6.00
இந்த நாட்களில் மாலை 4 மணிக்கு வகுப்பு இல்லை.
டொரோண்டோ: காலை 6.30 - 7.30
டிசம்பர் 6: பழையபடி மாலை 4.00 - 5.00
(டொரோண்டோ: காலை 5.30 - 6.30)

Saturdays, November 8, 15, 22, 29 (2025)
Bharatanatyam class: 5.00 - 6.00 pm
No class at 4 pm on these days.
Toronto: 6.30 - 7.30 am
December 6: back to 4.00 - 5.00 pm
(Toronto: 5.30 - 6.30 am)
```

டிசம்பர் 6-க்கான டொரோண்டோ நேரத்தைப் பாருங்கள். காலை ஐந்தரை. இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் செயலாளருக்கே அது கண்ணில் படும். டீச்சரிடம் பேசி வேறு வழி பார்க்க ஒரு மாத அவகாசமும் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ‘அன்பார்ந்த பெற்றோர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்’ என்ற வரி இதில் இல்லை. மரியாதைக் குறைவு என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போனில் வாட்ஸ்அப் செய்தி வந்து விழும்போது முதலில் தெரிவது தொடக்க வரிதான். அந்த இடத்தை முகமனுக்குக் கொடுத்துவிட்டால் தேதியும் மணியும் உள்ளே ஒளிந்துகொள்ளும். வணக்கம் சொல்ல விரும்புகிறவர்கள் கடைசியில் ‘நன்றி’ போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பாதியிலும் வரிகள் ஒரே வரிசையில், எண்கள் ஒரே மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. இருமொழி அறிவிப்பில் அடிக்கடி நடக்கிற விபத்து மொழிபெயர்ப்புப் பிழையல்ல. போன மாத அறிவிப்பைத் திறந்து, ஆங்கிலப் பாதியில் மணியைத் திருத்தி, தமிழ்ப் பாதியை அப்படியே விட்டுவிடுவதுதான். எழுதியவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவர் திருத்திய பாதியையே திரும்பத் திரும்பப் படிக்கிறார். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுத் தமிழ்ப் பாதியின் எண்களை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, ஆங்கிலப் பாதியில் விரல் வைத்துக்கொண்டே வந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தமிழ் தெரியாதவர்கூட இதைச் செய்யலாம். எண் இரண்டிலும் ஒன்றுதான்.

அறிவிப்பு தயார். ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது: லிஃப்ட் பக்கத்தில் ‘4-லிருந்து 5-க்கு’ என்று ஏற்கெனவே ஒட்டிய தாளைக் கிழித்துவிடுங்கள், குழுவில் போட்டதையும் அழித்துவிடுங்கள்.