540 வாட் பேனல் ஒரு நாளில் எத்தனை யூனிட் தரும்?

சென்னைப் புறநகரில் ஒரு தனி வீடு. இரண்டு மாதக் கரண்ட் பில்லில் சராசரியாக 600 யூனிட் வருகிறது. அதாவது நாளொன்றுக்கு 10 யூனிட். மொட்டை மாடியில் சோலார் போட முடிவு செய்த வீட்டுக்காரர், பேனலின் பின்புறச் சீட்டில் 540 வாட் என்றிருப்பதைப் பார்க்கிறார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறதே என்று 540-ஐ 12-ஆல் பெருக்குகிறார். 6,480 வாட் மணி. ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் ஒரு கிலோவாட் மணி. அதுதான் நாம் யூனிட் என்பது. ஆக ஒரு பேனல் ஆறரை யூனிட் தரும், இரண்டு பேனல் போதும் என்ற முடிவுக்கு வருகிறார். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு உண்மையில் தேவைப்படுபவை ஐந்து.

இந்த வித்தியாசம் 540 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறது. அது தொழிற்சாலைச் சோதனை அறையில் அளந்த எண். ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் அளவுக்கு ஒளி விழ வேண்டும், பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அந்த 540 வாட் கிடைக்கும். காலை ஏழு மணி வெயிலில் அந்த ஒளியில் சிறு பங்குதான் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒளி முழு அளவை எட்டும். ஆனால் அப்போது செல் 25 டிகிரியில் இருக்காது.

ஆகவே சோலார் கணக்கில் சூரிய மணி என்பது பகல் நேரத்தைக் குறிப்பதில்லை. காலை முதல் மாலை வரை விழுந்த ஒளி முழுவதையும் கூட்டி, அது 1,000 வாட் வீதம் எத்தனை மணி நேரம் விழுந்ததற்குச் சமம் என்று சொல்லும் அளவு அது. சென்னையில் ஆண்டுச் சராசரி ஐந்து மணிக்குச் சற்று மேல். இங்கே 5.2 என்று வைத்துக்கொள்ளலாம். 540 வாட் என்பது 0.54 கிலோவாட். அதை 5.2-ஆல் பெருக்கினால் 2.8 யூனிட். ஆறரை என்று போட்ட கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இதிலும் இன்னொரு கழிவு உண்டு. சிலிக்கான் செல் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும், பேனலின் வகையைப் பொறுத்து, சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை போகும். தமிழ்நாட்டு வெயிலில் நண்பகல் நேரத்தில் செல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்த நேரத்தில் மட்டும் எட்டில் ஒரு பங்கு வெப்பத்துக்கே போய்விடும். பேனலின் மேல் படியும் தூசி, வயரில் போவது, நேர் மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டரில் போவது என எல்லாம் சேர்ந்தால், நல்லபடியாகப் பொருத்திய அமைப்பில்கூடக் கணக்கில் வந்ததில் முக்கால் பங்கோ அதற்குச் சற்றே மேலோதான் மீட்டருக்கு வந்து சேரும். 0.77 என்று எடுத்துக்கொண்டால், 2.8 யூனிட் 2.16 யூனிட் ஆகிறது.

நாளொன்றுக்குத் தேவை 10 யூனிட். 10-ஐ 2.16-ஆல் வகுத்தால் 4.6. பேனலை முழுதாகத்தான் வாங்க முடியும் என்பதால் ஐந்து. மொத்தம் 2.7 கிலோவாட், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 10.8 யூனிட். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் என்று இத்துறையில் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். அது இந்தக் கணக்கின் சுருக்கம்தான். விற்பனையாளர் யாராவது ஆண்டுச் சராசரியாகவே ஐந்தரை, ஆறு என்று சொன்னால், அவர் கழிவுகளைக் கழிக்கவில்லை என்று பொருள்.

சராசரி மட்டும் போதுமா என்றால் போதாது. சென்னையில் மார்ச், ஏப்ரலில் சூரிய மணி ஆறைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது, நவம்பரிலும் டிசம்பரிலும், நான்கை ஒட்டி இறங்கிவிடும். அதே ஐந்து பேனல் மார்ச்சில் நாளுக்கு 13 யூனிட் தரலாம். நவம்பரில் எட்டுச் சொச்சம்தான். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்தையும் சேர்த்தால் சுமார் 500 யூனிட். பில் 600 வரும் வீட்டில் 100 யூனிட் துண்டு விழும். அந்த மாதங்களில் ஏசி அதிகம் ஓடாது என்பதால் பல வீடுகளில் தேவையும் குறையும். ஆகவே திட்டம் போடுகிறவர் ஒரே ஒரு பில்லை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்து, அந்தந்த இரண்டு மாத உற்பத்திக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மழைக்கால உற்பத்தியும் 10 யூனிட்டைத் தொட வேண்டும் என்றால் ஆறாவது பேனல் வேண்டும்: 3.24 கிலோவாட்டை 4-ஆலும் 0.77-ஆலும் பெருக்கினால் சரியாகப் பத்து வருகிறது. ஆனால் கோடையில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியம் எப்படி வரவு வைக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் செலவில் இறங்குவது நல்லது.

இவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கையும் கவிழ்க்கக்கூடியது நிழல். அதிலும் இடம் பார்க்க வருகிறவர் எந்த மாதத்தில் வருகிறார் என்பது மிக முக்கியம். சென்னையில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். தெற்குப் பக்கம் உள்ள மாடிப்படி அறையோ தண்ணீர்த் தொட்டியோ அப்போது பேனல் இருக்கும் பக்கம் நிழல் விழச் செய்யாது. டிசம்பரில் சூரியன் தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடும். பத்தடி உயர அறையின் நிழல் நண்பகலிலேயே வடக்கு நோக்கி ஏழடிக்கு மேல் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஜூனில் பளிச்சென்று இருந்த இடம், வெயிலே குறைவான மாதத்தில் நிழலுக்குள் போய்விடுகிறது.

பேனல்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒரே குழாயில் ஓரிடத்தை நசுக்கினால் மொத்த நீரோட்டமும் குறைவதுபோல, நிழல் விழுந்த செல் அந்தத் தொடர் முழுவதன் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். இதைத் தவிர்க்கப் பேனலுக்குள் பைபாஸ் டயோடு வைத்திருக்கிறார்கள். நிழல்பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றவை ஓடும். ஒதுக்கப்படும் பகுதி வழக்கமாகப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளங்கை அளவு நிழலுக்கும் இழப்பு அவ்வளவு பெரிதாக இருக்கலாம். 0.77 என்ற எண்ணில் இந்த இழப்பு சேரவில்லை.

பொருத்திய பிறகு சரிபார்ப்பது எளிது. இன்வெர்ட்டரின் செயலியில் மாத உற்பத்தி தெரியும். அதை நாட்களாலும் கிலோவாட்டாலும் வகுத்துப் பார்க்கலாம். மார்ச்சில் ஒரு கிலோவாட்டுக்கு நான்கரைக்கு மேல் வர வேண்டும். நவம்பரில் மூன்று வந்தால் சரி. மார்ச்சிலேயே மூன்றுதான் வருகிறது என்றால் முதலில் பேனலைக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால், காலை முதல் மாலை வரை உற்பத்திக் கோட்டைப் பார்க்கலாம். மேகமில்லாத நாளில் அது மலைபோல ஏறி இறங்கும். தினமும் அதே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல். நாள் முழுவதும் கோடு தாழ்ந்தே இருந்தால் இணைப்பிலோ பேனலிலோ கோளாறு.

மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கான எண்ணை உலக வங்கியின் ‘குளோபல் சோலார் அட்லஸ்’ இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்தைத் தொட்டால் ஒரு கிலோவாட் எத்தனை யூனிட் தரும் என்று காட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விற்பனையாளரிடம் பன்னிரண்டு மாத உற்பத்தியையும் தனித்தனியாக எழுதி வாங்கி, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.