பின்னுரித்தாளர் பெயர் இல்லாத சேமலாப நிதி: இறந்தவரின் பணத்தைப் பெறுவது எப்படி?

உங்கள் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்த ஒருவர் இறந்திருந்தால், அவர் பெயரில் ஊழியர் சேமலாப நிதியத்தில் பணம் இருக்கக்கூடும். சம்பளத்தில் 8 வீதத்தை அவரும், 12 வீதத்தை வேலைகொடுத்தவரும் மாதாமாதம் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பணம் இலங்கை மத்திய வங்கியிலே இருக்கிறது, வேலைத்தலத்தில் அல்ல. ஆகவே வேலைத்தலம் மூடப்பட்டாலும், கட்டடம் இடிந்து போனாலும், கட்டிய பணம் அழிந்துவிடாது.

தனக்குப் பின் பணம் யாருக்கு என்று உறுப்பினர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பின்னுரித்தாளருக்கே அது போகும். பலர் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. சிலர் எழுதிக் கொடுத்த ஆள் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். இப்படியான நிலையில் பணம் சட்டப்படியான உரித்தாளர்களுக்கு உரியதாகிறது. அவர்கள் யார் என்பதைப் பத்திரங்களால் காட்டுவதுதான் உங்கள் வேலை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி மாவட்டத்தில் மீளக்குடியேறிய ஒரு தாய். கணவர் முதலில் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியிலும், பிறகு ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலும் வேலை செய்தவர். இடம்பெயர்ந்திருந்தபோது நோயால் இறந்துவிட்டார். மரணம் பதியப்படவில்லை. மூன்று பிள்ளைகள்: திருமணமாகி வவுனியாவில் இருக்கும் மகள், வெளிநாட்டில் இருக்கும் மகன், 15 வயது இளைய மகன். கணவரின் தாயாரும் இவர்களுடன் இருக்கிறார்.

முதல் வேலை மரணத்தைப் பதிவது. மரணச் சான்றிதழ் இல்லாமல் எந்த அலுவலகமும் கோப்பைத் திறக்காது. மரணம் நடந்து மூன்று மாதங்களுக்கு மேலாகிவிட்டால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மரணத்தைக் கண்டவர்கள், அடக்கத்தில் நின்றவர்கள் சத்தியக்கடதாசி கொடுக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டோ முகாம் பதிவோ கையில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். யுத்தத்தின்போது காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று ஏற்க மனமில்லாத குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டியதில்லை. 2016இல் அச்சட்டத்துக்குச் செய்த திருத்தத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். எதை எடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு; சேமலாப நிதிக்காக என்று யாரும் உங்களை அவசரப்படுத்த இடம்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு இலக்கம். மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்று இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். இலக்கம் இரண்டு பகுதியாக இருக்கும்: வேலைகொடுத்தவரின் பதிவு இலக்கம் ஒன்று, உறுப்பினரின் சொந்த இலக்கம் மற்றது. முதற்பகுதி அந்த வேலைத்தலத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். எனவே கணவருடன் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடித்தால் பாதி இலக்கம் கிடைத்துவிடும். பழைய சம்பளத் துண்டும் உதவும். அதுவும் இல்லாவிட்டால், அவரின் அடையாள அட்டை இலக்கம், வேலைத்தலத்தின் பெயர், வேலை செய்த ஆண்டுகள் ஆகியவற்றைச் சொல்லித் தொழில் அலுவலகத்தில் தேடிக் கேளுங்கள். இந்தத் தாயின் கணவருக்கு இரண்டு வேலைத்தலங்கள், ஆகவே இரண்டு கணக்குகள். ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இனிப் பங்கு. இரண்டு கணக்கிலும் சேர்த்து 480,000 ரூபா இருக்கிறது என்று வைப்போம். பொதுச் சட்டப்படி உயிலில்லாமல் இறந்தவரின் உடைமையில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களிலும் இறந்தவரின் தேடியதேட்டப் பங்கு இப்படியே பிரியும். ஆகவே தாய்க்கு 240,000, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 80,000. பிள்ளைகள் இருப்பதால் கணவரின் தாயாருக்குப் பங்கில்லை. “மகன் உழைத்த பணம், எனக்குமில்லையா?” என்று அவர் கேட்பார், வயோதிபத் தாய்க்குப் பிறகு மனமுவந்து கொடுப்பது குடும்பத்தின் விஷயம், விண்ணப்பத்தில் அவரை உரித்தாளராக எழுதக்கூடாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இறந்தவரின் தாயாருக்கு ஆறில் ஒரு பங்கு.

திருமணமாகிப் போன மகளை விட்டுவிட்டு விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீதனம் கொடுத்தாயிற்று என்பது காரணம். தொழில் அலுவலகம் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கேட்கும், ஒருவர் விடுபட்டிருப்பது தெரிந்தால் கோப்பு நின்றுவிடும். தன் பங்கு வேண்டாம், அம்மா எடுக்கட்டும் என்றால் மகள் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மகன் தன் கையொப்பத்தை அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சம்மதித்தது கணக்கில் வராது. 15 வயது மகனின் பங்கைத் தாயாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பொதுவாக அது அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகும்.

இறந்த உறுப்பினருக்கான விண்ணப்பம் எல் படிவம். உறுப்பினர் உயிருடன் இருந்து தானே பணம் எடுக்கும்போது நிரப்புவது கே படிவம், மாறி வாங்கிவிடாதீர்கள். படிவத்துடன் மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பிக்கிறவர்களின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி ஆகியவை வேண்டும். கிராம அலுவலர் உரித்தாளர்களின் பெயர்களை எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கடிதமும் வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்தை இப்போதைய கிராம அலுவலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது பழைய ஊரின் கிராம அலுவலரிடமும் ஒரு கடிதம் எடுங்கள். உயில் இல்லை, நீதிமன்றத்தில் மரணச்சொத்து வழக்கு இல்லை, வேறு உரித்தாளர் இல்லை என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசியும் முடித்து வையுங்கள்.

விண்ணப்பங்கள் அதிகம் தடைப்படுவது பெயரிலேதான். சேமலாப நிதிப் பதிவில் ‘செல்வராஜா’, திருமணச் சான்றிதழில் ‘செல்வராசா’, மரணச் சான்றிதழில் முதலெழுத்து வேறு. தகப்பன் பெயர் முழுதாக ஒரு பத்திரத்தில், எழுத்தாக இன்னொன்றில். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சத்தியக்கடதாசியும் கிராம அலுவலர் கடிதமும் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். திருப்பி அனுப்பிய பிறகு செய்தால் மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும்.

உரித்தாளர்களுக்குள் தகராறு இருந்தால், உதாரணமாக இரண்டு பெண்கள் மனைவி என்று வந்தால், தொழில் அலுவலகம் தீர்ப்புச் சொல்லாது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றம் ஏற்கெனவே ஒருவரைச் சொத்து நிருவாகியாக நியமித்திருந்தால் அந்தக் கட்டளையையும் விண்ணப்பத்துடன் காட்ட வேண்டும். இந்த இடத்தில் மட்டும் சட்ட உதவி தேடுங்கள். தகராறில்லாத குடும்பத்துக்கு மேலே சொன்னதைச் செய்யச் சட்டத்தரணியோ தரகரோ தேவையில்லை. மூலப்பத்திரத்தை யார் கையிலும் விட்டுவிடாதீர்கள். காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள்.

உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வேலைகொடுத்தவர் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வேறு. அதற்கு அந்த நிதியச் சபைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதே பத்திரங்கள் அங்கேயும் கேட்கப்படும் என்பதால், மரணச் சான்றிதழில் ஒன்றிரண்டு பிரதிகளைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.