வெட்டுத் தெரியாமல் வெட்டினால்

டிசம்பர் நெருங்கினால் கல்முனைப் பக்கத்து வீடியோ கடைகளில் கலியாண வேலைகளுக்கு நடுவே இன்னொரு வேலையும் வந்து சேரும். 26ஆம் திகதி நினைவு நாளுக்காகச் சுனாமியில் தப்பியவர்களிடம் எடுத்த பேட்டிகளைச் சுருக்கிக் கொடுக்க வேண்டும். பேசியவர் ஒன்றேகால் மணி நேரம் பேசியிருப்பார். கேட்டவர்களுக்குத் தேவை பதினைந்து நிமிடம்.

அப்படி ஒரு பேட்டி வெட்டப்படும்போது அருகில் இருந்து பார்த்தேன். பேசியவர் மருதமுனையில் தறியோடு வாழ்ந்த ஒரு உம்மா. கேள்வி கேட்ட பையனை வாய் நிறைய 'மகன்' என்று கூப்பிட்டுக்கொண்டே பேசினார். பேச்சில் 'வந்து', 'இந்த', 'மறுகா' மூன்றும் மாறி மாறி வந்தன. இந்த இழுவைச் சொற்களை எடுத்துவிட்டாலே பேட்டி பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. முதலில் முழுப் பேச்சையும் எழுத்தில் இறக்கி, திரும்பத் திரும்ப வந்த சம்பவங்களை ஒதுக்கினார்கள். அதிலேயே பேட்டி பதினேழு நிமிடத்துக்கு வந்துவிட்டது. இழுவைச் சொற்களால் குறைந்தது கடைசி இரண்டு நிமிடம் மட்டும். ஆனால் வேலையில் பெரும்பகுதியைத் தின்றதும் அந்த இரண்டு நிமிடம்தான்.

ஒரு சொல்லை எடுத்தால் அதன் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். காது முதலில் பிடிப்பது மூச்சை. 'ஆ...' என்று இழுப்பதற்கு முன்னும் பின்னும் மூச்சு இருந்தால், இழுவையோடு ஒரு மூச்சையும் எடுத்து மற்றதை விட வேண்டும். இரண்டையும் விட்டால் அவர் இரு தடவை மூச்சு வாங்குவார். இரண்டையும் எடுத்தால் மனிதர் மூச்சே விடாமல் பேசுவார். அரை மூச்சில் வெட்டுவதுதான் மிக மோசம், ஒரு விக்கல்போலக் கேட்கும்.

அடுத்தது வெட்டும் இடம். தமிழ் இதற்கு நன்றாக இடம் கொடுக்கிறது. க, ட, த, ப போன்ற வல்லின ஒலி பிறக்குமுன் வாய் ஒரு கணம் அடைபடும். 'பக்கத்துல', 'தப்பி' என்று இரட்டித்து வரும்போது அந்த அடைப்பு இன்னும் நீளம். ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே கோடு படுத்துக் கிடக்கும். வெட்டு அந்த மௌனத்துக்குள் விழுந்தால் யாருக்கும் தெரியாது. 'ம', 'ந' அல்லது உயிரெழுத்தின் நடுவில் விழுந்தால் ஒரு சொடுக்கு கேட்கும். நம் வீடியோவில் ஒரு நொடிக்கு 25 படச்சட்டம், ஒன்றுக்கு 40 மில்லிநொடி. ஒலிக்கு அதுவே பருமனான அளவு. ஆகவே ஒலியைப் படச்சட்டத்துக்கும் சிறிய அளவில் நகர்த்தி வெட்டி, இரு முனையையும் மில்லிநொடிக் கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று கரைக்கிறார்கள். 'அண்டைக்கி வந்து' என்று முன்சொல்லின் உயிரோடு 'வந்து' ஒட்டிக்கொண்டுவிட்டால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பின்னணிச் சத்தம் வேறு. உம்மா பேசும்போது அடுத்த வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அரை நொடியை எடுத்தால் பேச்சு ஒட்டிவிடும், தறியின் தாளம் தடுக்கி விழும். அதற்கு எடிட்டர் கண்ட வழி எனக்குப் பிடித்தது. தறியின் ஒரு அடியிலிருந்து மறு அடிவரை ஒரு முழு அளவாக எடுத்தார். சில இடங்களில் அதற்காகவே ஒரு 'இந்த' தப்பிப் பிழைத்தது. பாங்கு கேட்கும் இடத்தில் இந்த வித்தை பலிக்காது. அது நீண்டு போகும் குரல், எங்கே வெட்டினாலும் உடையும். பாங்கு முடியும்வரை உம்மாவும் பேச்சை நிறுத்தியிருந்ததால் அங்கே வெட்டவேண்டிய தேவையே வரவில்லை. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். அதை அடியில் விரித்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள் நிரம்பிவிடும்.

படத்தில் தலை துள்ளுவதைக் கையை, தறியை, முற்றத்தைக் காட்டி மறைப்பார்கள். ஒலி ஓடிக்கொண்டேயிருக்கும், படம் மட்டும் மாறும். 4கேயில் எடுத்திருந்தால் வெட்டுக்குப் பிறகு முகத்தைக் கொஞ்சம் நெருக்கியும் காட்டலாம். மிகச் சிறிதாக நெருக்கினால் பிழைபோலத் தெரியும். இன்னொரு கமராவோ என்று நினைக்கும் அளவுக்கு நெருக்க வேண்டும். இரண்டு முகநிலைகளுக்கு இடையில் இல்லாத படச்சட்டங்களை உருவாக்கி ஒட்டும் வசதியும் எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. விளம்பரத்துக்கு ஆகட்டும். சாட்சி சொல்லும் ஒருவருக்கு அவர் காட்டாத முகத்தைச் செய்து ஒட்டுவது கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. இழுவைச் சொல் என்று எதைச் சொல்கிறோம்? 'நான் வந்து தறியில இருந்தன்' என்பதில் 'வந்து' வெறும் இழுவை. 'கடல் வந்து எடுத்துட்டுப் போச்சி' என்பதில் அது வினை. மென்பொருளில் தேடி எல்லா 'வந்து'வையும் ஒன்றாக நீக்கினால் கடல் வராமலே எடுத்துக்கொண்டு போகும். 'மறுகா' நாக்கில் தொங்கும் சொல்லாகவும் வரும், 'அதற்குப் பிறகு' என்று நேரத்தைச் சொல்லவும் வரும். முதல் அலையா இரண்டாவது அலையா என்பதே சில இடங்களில் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. 'மகன்' எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். வாக்கியம் சுத்தமானது, ஆனால் உம்மா யாரோடும் பேசாதவராகிவிட்டார். சிலவற்றைத் திருப்பி வைத்தார்கள்.

கைபேசியில் பார்க்கிறவர்கள் பொறுக்கமாட்டார்கள், இறுக்கமாகத்தான் வெட்ட வேண்டும் என்று எடிட்டர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இலங்கையில் மிக அதிகம் பேரைக் கடல் கொண்டது அம்பாறை மாவட்டத்தில். அந்தக் காலையைக் கண்ணால் கண்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். நாளைக்கு எஞ்சப்போவது பெரும்பாலும் இந்தப் பதினைந்து நிமிடங்கள்தான். வெட்டு எவ்வளவு நன்றாக மறைகிறதோ அவ்வளவுக்கு, அங்கே எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாது.

அந்தப் பேட்டியில் ஒரு இடம். 'எண்ட மூத்தவன் ஆக்கள மாடியில ஏத்திவிட்டான், மறுகா கீழ இறங்கினான்' என்கிறார் உம்மா. குரல் தாழ்ந்து நிற்கிறது. நீண்ட மௌனம். பிறகு மெதுவாக, 'ஆ... எண்டு சொல்றாங்க மகன்.' குரல் தாழ்ந்து முடிந்த இடம், பின்னால் மௌனம், அதற்குப் பின் ஒரு இழுவை. வெட்டுவதற்கு இதைவிட வசதியான இடம் முழுப் பேட்டியிலும் இல்லை. முதல் வெட்டில் அந்த வால் போய்விட்டது, ஒட்டிய தடமும் இல்லை. பிறர் சொல்லக் கேட்டதை உம்மா தன் கண்ணால் கண்டதாக ஆகிவிட்டது.

அதைப் பிடித்தது எடிட்டர் அல்ல. வெட்டியதை உம்மாவுக்கே போட்டுக் காட்டியபோது அவர்தான் நிறுத்தச் சொன்னார். 'நான் காணல்ல மகன். சொன்னதத்தான் சொன்னன்' என்றார். மௌனத்தையும் இழுவையையும் வாலையும் அப்படியே திருப்பி வைத்தார்கள். பேட்டி ஆறு நொடி கூடியது. அந்த ஆறு நொடிக்காக வேறொரு இடத்தில் தறியைக் காட்டிய காட்சி போனது. வெட்டாத ஒன்றேகால் மணி நேரம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, ஒன்று உம்மாவின் மகள் வீட்டில்.