பெட்டிக்குள் மறையும் பள்ளம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ என்றொரு வெந்நீரூற்று இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் பீறிட்டது என்று குறித்த 272 பதிவுகள், ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளுடன் `faithful` என்ற பெயரில் வருகின்றன. மிகக் குறைவு 1.6 நிமிடம், மிக அதிகம் 5.1.

இவற்றைப் பெட்டி வரைபடமாக்கினால், பெட்டி சுமார் 2.16-இல் தொடங்கி 4.45-இல் முடியும். பதிவுகளைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு 4-இல் விழும். பெட்டிக்குள் அடங்குவது நடுப்பாதிப் பதிவுகள் என்பதால், மூன்று நிமிடப் பீறிடல்கள் சகஜம் என்றே பார்ப்பவர் நினைப்பார். ஆனால் மூன்று நிமிடத்தை ஒட்டிப் பதிவுகள் அபூர்வம். 97 பதிவுகள் அதற்குக் கீழே, பெரும்பாலும் இரண்டை ஒட்டி நிற்கின்றன. மீதி 175-உம் மேலே, நாலரைக்குப் பக்கத்தில் திரள்கின்றன. பெட்டி, இடையிலுள்ள பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஜான் டூக்கி பரப்பிய இந்தப் படம் பொய் சொல்வதில்லை. ஐந்து எண்களை மட்டும் காட்டுகிறது. கூர்ந்து பார்த்தால் அதிலேயே ஒரு துப்பும் உண்டு. பெட்டிக்குக் கீழே நீளும் கோட்டில் கால்வாசிப் பதிவுகள் 1.6-க்கும் 2.16-க்கும் இடையே நெருக்கியடித்து நிற்கின்றன. அடுத்த கால்வாசியோ 4 வரை நீள்கிறது. பெட்டி நீண்டு, இருபுறக் கோடுகளும் குட்டையாக இருந்தால் இரட்டைச் சிகரம் உண்டோ என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்கத்தான் முடியும், பதிவுகள் சீராகப் பரவியிருந்தாலும் பெட்டி அகலமாகவே இருக்கும்.

1998-இல் ஹின்ட்ஸ், நெல்சன் இருவரும் முன்வைத்த வயலின் வரைபடம் பதிவுகள் நெருங்கும் இடத்தில் அகன்றும் அருகும் இடத்தில் ஒடுங்கியும் வளைகிறது. வெந்நீரூற்றுக்கு வரைந்தால் இரண்டு புடைப்புகளும் நடுவே ஒரு மெல்லிய இடுப்பும் உடனே தெரிகின்றன.

அந்த வளைவு கணக்கிட்டு வழவழப்பாக்கியது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவையும் ஒரு சிறு மேடாக்கி, எல்லா மேடுகளையும் கூட்டுவதே முறை. மேட்டின் அகலத்தை ஆர் தானாகவே சுமார் 0.33 நிமிடம் என்று வைக்கிறது. இரு சிகரங்களும் தப்புகின்றன. அதையே 1.5 ஆக்கினால் பள்ளம் நிரம்பி ஒற்றைப் புடைப்பே மிஞ்சும். மிகக் குறைத்தாலோ இல்லாத சிகரங்கள் முளைக்கும். வெட்டாமல் விட்டால், வயலினின் முனை யாரும் பதிவு செய்யாத 1.6-க்குக் கீழும் நீளும்.

ஆகவே அகலத்தைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் வரைந்து பார்ப்பது நல்லது. இரண்டிலும் நிற்கும் சிகரத்தை நம்பலாம். பத்துப் பதினைந்து பதிவுகளே இருந்தால் வயலினும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். புள்ளிகளை அப்படியே வைத்துவிடுவதே சரி.