மேல் தட்டா, கீழ் தட்டா?

குடோன் ரேக்கில் ஒவ்வொரு தட்டையும் தாங்கி நிற்கும் குறுக்குச் சட்டத்தை பீம் என்பார்கள். லேபிள் ஒட்டத் தோதான இடமும் அதுதான். ஆனால் பீமுக்கு மேலேயும் சரக்கு இருக்கும், கீழேயும் இருக்கும். அதில் ஒட்டிய லேபிள் எந்தச் சரக்குக்கு?

"லேபிளுக்கு மேலே இருப்பதுதான் அதன் சரக்கு" என்று வைத்துக்கொள்வதே பொது வழக்கம். அந்த வழக்கம் உடைவது தரைத்தட்டில். அங்கே சரக்கு தரையிலேயே இருக்கும். கீழே பீம் கிடையாது. ஆகவே தரைத்தட்டின் லேபிளும் முதல் பீமில்தான் ஏறும். அடுத்த தட்டின் லேபிளும் அதே பீமில்.

ஒரு உதாரணம். 07-14-B-2 என்றால் 7-ஆம் வரிசை, 14-ஆம் ரேக், தரையிலிருந்து இரண்டாவது தட்டு, இடமிருந்து இரண்டாவது இடம். அங்கே 200 மில்லி ஷாம்பு, நேர் கீழே A-2-இல் 400 மில்லி. அட்டைப்பெட்டிகள் ஒரே தோற்றம். சரக்கு எடுப்பவர் B-2 லேபிளைச் சரியாகவே ஸ்கேன் செய்கிறார். கை போவதோ கைக்கெட்டிய A-2 பெட்டிக்கு. கருவியில் எல்லாம் சரி! ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியும்: A-2-இல் 6 பெட்டி குறைவு, B-2-இல் அதே 6 அதிகம். மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு இடங்களில் இப்படிச் சமமாக ஏறி இறங்கினால், திருட்டு என்று ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் லேபிளைப் பார்ப்பது நல்லது.

தீர்வு சிக்கலானதல்ல. A லேபிளில் கீழ்நோக்கிய அம்பு, B-யில் மேல்நோக்கிய அம்பு. A-க்கு மஞ்சள் பட்டை, B-க்கு நீலம். எல்லா வரிசையிலும் இதேதான். சிவப்பும் பச்சையும் ஜோடியாக வேண்டாம், அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசம். எடுப்பவரின் திரையிலோ சீட்டிலோ அதே நிறம் வராவிட்டால் பட்டை வெறும் அலங்காரம்தான்.

எழுத்தின் அளவிலும் ஒரு நுணுக்கம். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். முழு எண்ணையும் அந்த அளவில் அச்சிட இடம் போதாது. 14-ஆம் ரேக் முன் வந்து நிற்பவருக்கு 07 எதற்கு? B-2 பெரிதாக இருக்கட்டும், மற்றது சிறிதாகப் போகட்டும். வரிசை எண்ணைப் பெரிய பலகையில் வரிசையின் முனையில் தொங்கவிட்டால் போதும்.

ஐந்தாறு மீட்டர் உயரத்தில் உள்ள தட்டுகளின் லேபிளை அங்கேயே ஒட்டினால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கழுத்தை ஒடித்துத்தான் படிக்க வேண்டும். அவற்றையும் கண் உயரத்துக்கு இறக்கி ஒரே தகட்டில் அடுக்குவார்கள். ரேக்கில் உள்ளபடியே D உச்சியில், A அடியில். சிலர் இதைத் தலைகீழாக அடித்துவிடுவதும் உண்டு.

ரேக்கை அடிக்கடி மாற்றியமைக்கிறவர்கள் ஒட்டும் லேபிளுக்குப் பதில் காந்த லேபிள் வாங்குகிறார்கள். வசதிதான். ஆனால் பெட்டி உரசினால் அது நகரும். விழுந்ததை எடுத்து யாரோ பக்கத்து இடத்தில் வைத்துவிட்டால், ஸ்கேனர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.