கல்லா மைனஸுக்குப் போகாது

பின்னலாடைக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்ன யூனிட். அங்கே அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருக்கும் பெண், தன் மேனேஜருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறார். அதற்கு முன்தினம்தான் மேனேஜர், "டிரையல் பேலன்ஸ் டேலி ஆயிடுச்சில்லம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தப் பெண்ணின் பதில் ஒரே ஒரு பத்தியைப் பற்றியது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதுவரை உள்ள இருப்பைக் காட்டும் 'ரன்னிங் பேலன்ஸ்' பத்தி அது. இங்கே வரும் குறிப்பும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இந்தத் தவறு அன்றாடம் நடப்பது.

குறிப்பு இப்படித் தொடங்குகிறது:

"மேனேஜர் சாருக்கு வணக்கம். ஜூலை 1 முதல் 12 வரை கேஷ் லெட்ஜரை இருப்புப் பத்தியோடு எடுத்திருக்கிறேன். 9-ஆம் தேதி வரியை மட்டும் பாருங்கள் சார்."

| தேதி | விவரம் | வந்தது | போனது | இருப்பு |
|---|---|---|---|---|
| 1 | ஆரம்ப இருப்பு | | | 18,400 |
| 3 | கட் பீஸ் விற்பனை | 9,600 | | 28,000 |
| 5 | வாரச் சம்பளம் | | 22,000 | 6,000 |
| 7 | வண்டி வாடகை | | 4,200 | 1,800 |
| 9 | பேக்கிங் சாமான் | | 9,500 | -7,700 |
| 10 | கட் பீஸ் விற்பனை | 31,200 | | 23,500 |
| 12 | வாரச் சம்பளம் | | 22,000 | 1,500 |

இருப்புப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இதே அட்டவணையைப் பாருங்கள். ஆரம்ப இருப்போடு சேர்த்து வந்தது 59,200 ரூபாய். போனது 57,700. மீதி 1,500. எந்த உறுத்தலும் இல்லை. கையை எடுத்தால் 9-ஆம் தேதி இரவு கல்லாவில் மைனஸ் 7,700 ரூபாய் இருந்ததாக ஏடு சொல்கிறது. பேங்க் கணக்கு ஓவர்டிராஃப்டில் போகலாம், சப்ளையருக்கு நாம் பாக்கி வைக்கலாம். ஆனால் கல்லாப் பெட்டியில் இல்லாத நோட்டை எடுத்து யாருக்கும் கொடுக்க முடியாது. பேக்கிங் சாமான்காரருக்கு 9,500 ரூபாய் கொடுத்தது உண்மை, பில் இருக்கிறது. அப்படியானால் அதற்கு முன் எங்கிருந்தோ பணம் வந்திருக்கிறது, அந்த வரவு ஏட்டில் ஏறவில்லை.

டேலி மென்பொருளில் இதைக் கண் தவறவிடுவது சுலபம். அங்கே மைனஸ் குறி வராது. மற்ற வரிகளில் இருப்புக்குப் பக்கத்தில் `Dr` என்று இருக்கும், இந்த ஒரு வரியில் மட்டும் `Cr` என்று மாறியிருக்கும். நீண்ட பட்டியலில் அந்த இரண்டு எழுத்து மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். லெட்ஜர் திரையில் `F12` அழுத்தினால் ரன்னிங் பேலன்ஸைக் காட்டும் விருப்பம் கிடைக்கும். பல இடங்களில் அதைப் போடாமலே மாதக் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அந்த மைனஸ் எண்ணிலிருந்து எவ்வளவு தகவலைப் பிழிந்தெடுக்க முடியும் என்பதை அந்தப் பெண் அழகாகக் காட்டுகிறார்:

"சார், 5-ஆம் தேதி சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் கல்லாவை எண்ணினோம். 6,000 ரூபாய் இருந்தது, ஏட்டிலும் அதே 6,000. ஆகவே அதுவரை கணக்கு சரி. விடுபட்ட வரவு 5-ஆம் தேதி மாலைக்குப் பிறகு, 9-ஆம் தேதி இரவுக்கு முன் நடந்திருக்க வேண்டும். தொகை 7,700-க்குக் குறைவாக இருக்க முடியாது. 12-ஆம் தேதி மாலை எண்ணியபோது கையில் 16,500 இருந்தது. ஏட்டில் 1,500-தான். வித்தியாசம் 15,000."

மாதம் முழுக்க வவுச்சர் கட்டைப் புரட்ட வேண்டிய வேலை, நான்கு நாளுக்குள் ஒரு 15,000 ரூபாயைத் தேடும் வேலையாகச் சுருங்கிவிட்டது. இருப்புப் பத்தி எந்த நாட்களில் தேடுவது என்று சொல்கிறது, கல்லாவை எண்ணிப் பார்த்தது எவ்வளவு தேடுவது என்று சொல்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தேடல் நீண்டுவிடும்.

அடுத்து அவர் போனது பேங்க் பக்கம். பெரிய ரொக்கம் திடீரென்று வந்தால், ஒன்று விற்பனை, இல்லையென்றால் பேங்கிலிருந்து எடுத்த பணம். நம் பேங்க் லெட்ஜரின் இருப்பையும் பேங்க் தந்த ஸ்டேட்மென்டின் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளாக இறங்கி வருகிறார். 7-ஆம் தேதி வரை இரண்டிலும் 84,300. 8-ஆம் தேதி ஸ்டேட்மென்டில் 69,300 ஆகிறது, நம் ஏட்டில் அப்படியே 84,300. இரண்டும் முதன்முதலில் பிரியும் இடம் இதுதான். ஸ்டேட்மென்டின் அந்த வரியில் செல்ஃப் செக், 15,000 ரூபாய். செக் புத்தகத்தின் அடிக்கட்டையிலும் முதலாளி கையெழுத்தில் தொகை இருக்கிறது. வவுச்சர் மட்டும் யாரும் போடவில்லை.

டிரையல் பேலன்ஸ் ஏன் இதைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதும் இங்கே விளங்கிவிடும். பேங்கிலிருந்து பணம் எடுத்தால் ரொக்கக் கணக்கில் 15,000 கூட வேண்டும், பேங்க் கணக்கில் 15,000 குறைய வேண்டும். பதிவே போடாதபோது இரண்டு பக்கமும் ஒரே அளவில் விடுபட்டுவிடுகின்றன. சமநிலை கெடுவதில்லை. டிரையல் பேலன்ஸ் ஏட்டில் எழுதியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். எழுதாமலே விட்டது அதன் கண்ணுக்கு எட்டாது.

பேங்க் பக்கத்தில் இன்னொரு வித்தியாசமும் வந்தது. அதை அவர் குழப்பிக்கொள்ளாதது அவருடைய தேர்ச்சியைக் காட்டுகிறது. 9-ஆம் தேதி வாடிக்கையாளர் 40,000 ரூபாய் அனுப்புகிறார், அது இரண்டு பக்கமும் ஏறுகிறது, வித்தியாசம் 15,000 ஆகவே இருக்கிறது. 10-ஆம் தேதி சப்ளையருக்கு 27,500-க்கு செக் கொடுக்கிறார்கள். நம் ஏட்டில் அன்றே கழிந்து 96,800 ஆகிறது. பேங்கிலோ 1,09,300. இப்போது பேங்க் இருப்பு 12,500 அதிகம். சப்ளையர் செக்கைப் போட்டு 14-ஆம் தேதி பணம் போனதும் ஸ்டேட்மென்டில் 81,800 ஆகிறது, வித்தியாசம் மறுபடி அதே 15,000-க்குத் திரும்புகிறது. செக் பாஸாக எடுக்கும் நாட்களால் வரும் வித்தியாசம் வந்து போகும். விடுபட்ட பதிவால் வரும் வித்தியாசம் ஒரு தேதியில் தொடங்கி, பதிவு போடும் வரை அதே தொகையாகக் கூடவே வரும். எது எந்த வகை என்று பிரித்துக்காட்ட, கடைசி நாள் இருப்பு மட்டும் போதாது. நாள்தோறும் உள்ள இருப்பு வேண்டும்.

மைனஸ் வந்தாலே பதிவு விடுபட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சில சமயம் தேதிதான் தவறியிருக்கும். 8-ஆம் தேதி வசூலை 10-ஆம் தேதியில் ஏற்றியிருந்தாலும் 9-ஆம் தேதி மைனஸ் காட்டும். அப்போது வார இறுதியில் கல்லாவை எண்ணினால் ஏட்டோடு ஒத்துப்போகும். மைனஸும் வந்து, எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் விடுபட்ட பதிவைத் தேட வேண்டும். ஒரே நாளுக்குள் வரிகள் முன்னே பின்னே அமைவதாலும் நடுவில் மைனஸ் வரும். மாலை வசூலுக்கு மேலே காலைச் செலவு இருந்தால் அப்படித்தான் தெரியும். அந்த நாளின் கடைசி வரியைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

இந்தப் பத்திக்கு எட்டாத தவறுகளும் உண்டு. யூனிட்டின் ஆரம்ப இருப்பு 18,400 ஆக இல்லாமல் 50,000 ஆக இருந்திருந்தால் இதே 15,000 விடுபட்டும் மைனஸே வந்திருக்காது. விடுபட்டது வரவாக இல்லாமல் செலவாக இருந்தாலும் வராது. இருப்பு கூடிக்கொண்டே போகும், ஏட்டில் பணம் இருக்கும், கல்லாவில் இருக்காது. ஆகவே மைனஸ் இல்லை என்பதால் மட்டும் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. கல்லாவை எண்ணுவதையும் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுவதையும் விட முடியாது.

கையால் எழுதும் ஏட்டில் இருப்பை வரிக்கு வரி போடுவது வழக்கமாகவே இருந்தது. எக்செலில் கணக்கு வைப்பவர்கள்தான் இந்தப் பத்தியை அதிகம் விட்டுவிடுகிறார்கள். வந்தது C பத்தியிலும் போனது D-யிலும் இருப்பு E-யிலும் இருந்தால், ஆரம்ப இருப்பை E2-வில் போட்டுவிட்டு E3-இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=E2+C3-D3
```

குறிப்பின் கடைசிப் பகுதியில் திருத்தம் வருகிறது:

"8-ஆம் தேதியிட்டு கான்ட்ரா பதிவு போட உங்கள் அனுமதி வேண்டும் சார். ரொக்கம் பற்று 15,000, பேங்க் வரவு 15,000. போட்டால் 8-ஆம் தேதி இருப்பு 16,800, 9-ஆம் தேதி 7,300, 12-ஆம் தேதி 16,500 என்று வரும். கையில் எண்ணியதும் 16,500. செக் அடிக்கட்டையின் நகலை இணைத்திருக்கிறேன்."

டேலியில் இந்தப் பதிவு `F4`, கான்ட்ரா வவுச்சர். கண்டுபிடித்த தேதியில் போடாமல், பணம் எடுத்த தேதியிலேயே போட வேண்டும். 16-ஆம் தேதியில் போட்டால் கடைசி இருப்பு சரியாகும், 9-ஆம் தேதி மைனஸ் மட்டும் அப்படியே நிற்கும்.

சில அலுவலகங்களில் மைனஸைப் பார்த்ததும், காரணம் தேடாமல், முதலாளி சொந்தப் பணம் 10,000 கொண்டுவந்ததாக ஒரு பதிவைப் போட்டு மறைத்துவிடுவார்கள். இது தவறு, ஆபத்தும்கூட. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரி அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. விடுபட்ட 15,000-மும் பேங்க் பக்கம் வித்தியாசமாகத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

சொந்தமாகக் கடையோ பட்டறையோ நடத்துகிறவர்கள் கணக்கரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். மாதக் கடைசித் தொகையோடு நிறுத்தாமல், கேஷ் லெட்ஜரை இருப்புப் பத்தியோடு பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளின் கடைசி வரியையும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.