தள்ளிப்போடும் பழக்கமும் தக்காளிக் கடிகாரமும்

பள்ளியில் மணி அடித்ததும் பாடம் தொடங்குகிறது. மீண்டும் மணி அடித்ததும் முடிகிறது. வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு அத்தகைய மணி இல்லை. அதனால்தான் "சற்று நேரம் கழித்துப் படிக்கலாம்" என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. செய்யவேண்டிய வேலை பெரிதாகவும் தெளிவற்றும் தோன்றினால் மனம் சங்கடப்படுகிறது. வேலையைத் தள்ளிவைத்தவுடன் அந்தச் சங்கடம் நீங்குகிறது. அப்போது கிடைக்கும் சிறு நிம்மதியே மறுநாளும் தள்ளிப்போடத் தூண்டுகிறது.

1980களின் இறுதியில், இத்தாலியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ இதே சிக்கலை எதிர்கொண்டார். பத்து நிமிடமாவது கவனம் சிதறாமல் படிக்க முடியுமா என்று அவர் தமக்குத்தாமே சவால் விட்டுக்கொண்டார். நேரத்தைக் கணக்கிடத் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைப் பயன்படுத்தினார். அதிலிருந்து வளர்ந்த முறைக்கு 'பொமோடோரோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குத் தக்காளி என்பது பொருள்.

இம்முறை எளிமையானது. முதலில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடிகாரத்தில் 25 நிமிடம் வைத்து, மணி அடிக்கும்வரை அந்த வேலையை மட்டும் செய்ய வேண்டும். இது ஒரு சுற்று. பிறகு 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்றுகளுக்குப் பின் 15 முதல் 30 நிமிடம்வரை நீண்ட ஓய்வு எடுக்கலாம். இங்கு இலக்கு பாடத்தை முடிப்பதன்று. 25 நிமிடம் உழைப்பதே. முடிவு கண்ணுக்குத் தெரிவதால் தொடங்குவது எளிதாகிறது.

படிவம் நான்கு மாணவி ஒருவரின் சனிக்கிழமைப் பிற்பகலை எடுத்துக்கொள்வோம். "கணிதம் படிக்க வேண்டும்" என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. எனவே அவர், "இருபடிச் சமன்பாடு: காரணிப்படுத்தித் தீர்க்கும் 10 கணக்குகள்" என்று எழுதுகிறார். ஒரு சுற்று போதும் என்பது அவருடைய கணிப்பு. 2.00 மணிக்குத் தொடங்கி 2.25க்கு மணி அடிக்கும்போது ஆறு கணக்குகளே முடிந்திருக்கின்றன. பேனாவைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, 2.30க்கு மீண்டும் அமர்கிறார். மீதி நான்கு கணக்குகள் 2.45க்கு முடிகின்றன. எஞ்சிய பத்து நிமிடத்தில் விடைகளைச் சரிபார்த்து, தவறானவற்றை மறுபடியும் செய்கிறார். குறிப்பேட்டில் "கணிப்பு 1, உண்மையில் 2" என்று பதிவு செய்கிறார். அடுத்த வாரம் இதே அளவு வேலைக்கு இரண்டு சுற்றுகள் ஒதுக்குவார். முடியாத அளவுக்குத் திட்டமிட்டு, மனம் தளர்ந்து, மீண்டும் தள்ளிப்போடும் நிலை இதனால் குறைகிறது.

இடையில் தோழிக்குப் பதில் அனுப்ப வேண்டுமென்ற நினைவு வரலாம். அப்போது அதைத் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டுக் கணக்கைத் தொடர வேண்டும். திறன்பேசி வேறோர் அறையில் இருப்பது நல்லது. ஒரே சுற்றில் ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தால் அதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் வேலை தெளிவாக இல்லை அல்லது பாடமே புரியவில்லை என்பதற்கு அது அறிகுறி. அப்போது கடிகாரத்தை மீண்டும் முடுக்குவதால் பயனில்லை. பாடநூலிலுள்ள எடுத்துக்காட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்போதும் விளங்காததை ஆசிரியரிடம் கேட்பதற்காகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இம்முறை பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் தடம் புரள்கிறது. காணொளி பார்க்கத் தொடங்கினால் ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாகிவிடும். எழுந்து நடப்பது, சன்னல் வழியே வெளியே பார்ப்பது, கை கால்களை நீட்டுவது போன்றவையே போதும். ஓய்வுக்கும் கடிகாரம் வைக்க வேண்டும்.

25 நிமிடம் என்பது மாற்ற முடியாத விதியன்று. தொடங்கவே மனமில்லாத நாளில் பத்து நிமிடச் சுற்று வைக்கலாம். கட்டுரை எழுதும்போது பாதியில் மணி அடித்தால், அடுத்து எழுதவேண்டிய கருத்தைக் குறித்துவிட்டு எழலாம். திரும்பி வந்ததும் அங்கிருந்தே தொடரலாம். ஆனால் முழுத் தேர்வுத்தாளைப் பயிற்சியாகச் செய்யும்போது இம்முறை பொருந்தாது. தேர்வறையில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கிடையாது. ஆகவே, அப்பயிற்சியைத் தேர்வுக்குரிய முழு நேரமும் இடைவிடாமல் செய்ய வேண்டும். அன்றாடப் பாடங்களுக்கோ, வீட்டில் இல்லாத மணியை மாணவர் தாமே அடித்துக்கொள்ள இச்சிறு கடிகாரம் உதவும்.